பிரேக்கர் ஏன் விழவில்லை? வன்னி வயரிங்கில் எர்த் பழுதை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வன்னியில் ஒரு சாதாரண வீட்டுக்கு மின்கம்பத்திலிருந்து இறங்குவது இரண்டு வயர்தான்: லைவ், நியூட்ரல். எர்த் கம்பத்திலிருந்து வருவதில்லை. வீட்டுக்காரர்தான் தன் வளவில் ஒரு ரொட்டை இறக்கி அதை உண்டாக்கிக்கொள்கிறார். மின்மாற்றியடியில் நியூட்ரலுக்கு ஓர் எர்த், நம் வளவில் நமக்கென்று இன்னோர் எர்த், இரண்டுக்கும் நடுவில் மண். இதுதான் டிடி முறை.

ஒரு சாமானின் உள்ளே லைவ் வயர் உடம்பில் முட்டினால் மின்னோட்டம் ஒரு சுற்றுச் சுற்றி மின்மாற்றிக்குத் திரும்பவேண்டும். அந்தப் பாதையைப் பழுதுச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். டிடி முறையில் அது நம் ரொட் வழியாக மண்ணுக்குள் இறங்கி, மண்ணைக் கடந்து, மின்மாற்றியின் ரொட்டில் ஏறுகிறது. டிஎன் முறையில் மண்ணுக்கு வேலையே இல்லை. சாமானின் உடம்பு எர்த் வயர் மூலம் மின்மாற்றியின் நியூட்ரலோடு நேரே இணைந்திருக்கும், சுற்று முழுக்க உலோகம். சொந்த மின்மாற்றி வைத்திருக்கும் பெரிய அரிசி ஆலை, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் அப்படி அமைக்கலாம். ஐடி முறையில் மின் மூலம் எர்த்தோடு சேர்க்கப்படுவதே இல்லை, ஆகவே முதல் பழுதுக்குத் திரும்பும் பாதை கிடையாது.

வேலைக்குப் போகிற இடத்தில் எந்த அறிகுறியைக் கேட்டாலும் என் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்: இந்த நிமிடம் இந்த வீட்டின் பழுதுச் சுற்று எதன் வழியாகப் போகிறது? வன்னி வீடு டிடி என்று தெரிந்தும் இதைக் கேட்கவேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் போட்ட ஒரு துண்டு வயர் அதை அரைகுறை டிஎன் ஆக்கிவிடும். கரண்ட் நின்ற நேரம் ஸ்டார்ட் பண்ணும் ஜெனரேற்றர் அதை ஐடி ஆக்கிவிடும். அந்த மாற்றம் தெரியாமல் பழுது தேடினால் அளவீடுகள் எல்லாம் தப்பான பக்கம் இழுக்கும்.

அறிகுறி 1: மோட்டரைத் தொட்டால் ஷொக் அடிக்கிறது, பிரேக்கர் விழவில்லை

அதிகம் கேள்விப்படுவதும் அதிகம் ஆபத்தானதும் இதுதான். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்துப் பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டம். சிறுபோகம், சோளகக் காற்று அடிக்கும் காலம், மேல்மண் காய்ந்து கிடந்தது. கிணற்றடி மோட்டரை ஈரக் காலோடு தொட்ட பையனுக்குக் கை உதறியிருக்கிறது. தோட்டத்துக்காரர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

“பிரேக்கர் விழேல்லையே தம்பி, அப்ப கரண்ட் கசியேல்லை எண்டுதானே அர்த்தம்?”

கூடவே இன்னும் இரண்டு விசயம் சொன்னார். அந்த மாதம் பில் வழக்கத்தைவிட மிகவும் கூட. மாடு கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடிக்க வர மறுக்கிறது. இந்த இரண்டையும் கேட்டவுடனே கசிவு விட்டு விட்டு வருவதல்ல, இரவு பகலாக ஓடுகிறது என்று ஊகித்துவிடலாம்.

இப்படியான இடத்தில் முதலில் மெயின் சுவிட்சை இறக்கவேண்டும். ஆட்களையும் மாட்டையும் தள்ளி நிற்கச் சொல்லவேண்டும். அப்புறம் மோட்டரிலிருந்து ஏறக்குறைய 20 மீற்றர் தள்ளி, ரொட் இருக்கும் இடத்திலிருந்தும் விலகி, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை ஈர மண்ணில் குத்தி, மல்டி மீற்றரின் ஒரு வயரை அதில் கிளிப் போட்டு மாட்டுங்கள். மற்ற வயரை மோட்டரின் உடம்பில் கிளிப் போடுங்கள். எர்த் வயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மீற்றர். எல்லாம் மாட்டி முடித்து, கை எடுத்து, உலர்ந்த பலகையில் நின்றபின் மெயினைப் போட்டு வாசிப்பை மட்டும் பாருங்கள். எதையும் தொடவேண்டாம். குத்திய ஸ்க்ரூ டிரைவர் மண்ணோடு எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்பது இங்கே பிரச்சினை இல்லை. மல்டி மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது.

மோட்டர் சுவிட்ச் ஓஃப் இல் இருக்கும்போதே அங்கே வந்த வாசிப்பு 223 வோல்ட், 1.24 அம்பியர். இந்த இரண்டு எண்ணிலேயே முழுக் கதையும் இருக்கிறது. ரொட்டின் தடை என்ன என்பதைப் பழுதே அளந்து கொடுத்துவிட்டது:

```
R = 223 / 1.24 = 180 ohm
```

மின்மாற்றிப் பக்கத்து எர்த்துக்கு 5 ஓம் என்று வைத்தால் முழுச் சுற்றும் 185 ஓம். அதில் 230 வோல்ட் தள்ளினால் வருவது அந்த 1.24 அம்பியர்தான். மோட்டருக்குப் போட்டிருந்தது 16 அம்பியர் பிரேக்கர். 1.24 அம்பியரைப் பார்த்து அது விழாது, இன்றைக்கும் விழாது, அடுத்த வருடமும் விழாது. அதன் கண்ணுக்கு அது ஒரு ரைஸ் குக்கர் இழுப்பதைவிடவும் சின்னச் சுமை. ஆனால் அந்த நேரம் முழுவதும் மோட்டர் உடம்பில் 223 வோல்ட் நிற்கிறது.

பில் கூடியதற்கும் கணக்கு இதிலேயே இருக்கிறது. 230 வோல்ட்டில் 1.24 அம்பியர் என்றால் 285 வாட். இருபத்துநாலு மணி நேரத்துக்கு 6.8 யூனிட், மாதத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல், ஒரு மிளகாய்க்கும் பாயாமல் மண்ணுக்குள் போகிறது. மாடு வராததற்குக் காரணம் ரொட்டைச் சுற்றியிருக்கும் மண். ரொட்டடியில் 223 வோல்ட், கொஞ்சம் தள்ளிப் போகப் போக அது குறைந்துகொண்டு போகும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே நீளம் அதிகம், குளம்பு ஈரம், ஆகவே மனிதனுக்கு முன்பே மாட்டுக்குத் தெரிந்துவிடும். கால்நடை கிணற்றடிக்கு வர மறுக்கிறது என்று யாராவது சொன்னால் அதைச் சும்மா பேச்சாக எடுக்காதீர்கள்.

பழுது இருந்த இடம் மோட்டருக்குள் அல்ல. சுவிட்ச் பொருத்தியிருந்த இரும்புப் பெட்டியில் வயர் நுழையும் துளைக்கு றப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தார்கள். மோட்டரின் அதிர்வில் துளையின் விளிம்பு உறையை அறுத்து, லைவ் வயர் பெட்டியில் முட்டியிருந்தது. பெட்டியும் மோட்டரும் ஒரே எர்த் வயரில். மோட்டர் ஓஃப் இல் இருந்தும் உடம்பில் வோல்ட் நின்றதற்குக் காரணம் முட்டிய இடம் சுவிட்சுக்கு முன்னால் இருந்ததுதான். இது தேடுவதற்கு நல்ல துப்பு. சுவிட்ச் ஓஃப் இல் ஷொக் இருந்தால் சுவிட்சுக்கு முன்னால் தேடுங்கள். ஓன் இல் மட்டும் இருந்தால் மோட்டரின் சுற்றையோ சுவிட்சுக்குப் பின்னால் போகும் வயரையோ பாருங்கள்.

வயரைச் சரிசெய்வது லேசான பகுதி. அடுத்து அவர் சொன்னதுதான் எல்லோரும் சொல்வது: “எர்த் பத்தாது போல, நல்லா இன்னும் ரெண்டு ரொட் இறக்குவம், அப்ப பிரேக்கர் விழும்.” இதை இந்த இடத்தில் நிதானமாகக் கணக்குப் பார்க்கவேண்டும். பி வகை 16 அம்பியர் பிரேக்கர் உடனே விழவேண்டும் என்றால் அதன் மதிப்பின் 5 மடங்கு, அதாவது 80 அம்பியர் வேண்டும்.

```
Z = 230 / 80 = 2.87 ohm
```

மின்மாற்றியின் எர்த், வழியில் உள்ள வயர், நம் ரொட் எல்லாம் சேர்ந்து 2.87 ஓமுக்குள் வரவேண்டும். மேலே காய்ந்த மண், கீழே கிறவல் என்று இருக்கும் வளவில் ரொட் மட்டும் 30 ஓமுக்கு வந்தாலே பெரிய விசயம். அப்படி வந்தாலும் பழுது மின்னோட்டம் 6.6 அம்பியர்தான், 16 அம்பியர் பிரேக்கர் அப்போதும் அசையாது. சி வகைப் பிரேக்கர் என்றால் இன்னும் மோசம், அதற்கு 160 அம்பியர் வரை வேண்டும். எத்தனை ரொட் இறக்கினாலும் டிடி முறையில் பிரேக்கரை நம்பி எர்த் பழுதை வெட்ட முடியாது.

சொந்த மின்மாற்றியோடு டிஎன் முறையில் இருக்கும் ஆலையில் இதே பழுது வந்திருந்தால் சுற்று முழுக்க உலோகம் என்பதால் 0.4 ஓம் அளவில் இருந்திருக்கும். 575 அம்பியர் பாய்ந்து பிரேக்கர் கண் சிமிட்டும் முன் விழுந்திருக்கும். ஆலையில் வேலை பழகியவர்கள் வீட்டு வயரிங்குக்கு வரும்போது “எர்த் இருந்தால் பிரேக்கர் விழும்” என்ற நம்பிக்கையைக் கூடவே கொண்டுவருகிறார்கள். அங்கே அது சரி. இங்கே சரியில்லை.

இங்கே வெட்டவேண்டியது ட்ரிப் சுவிட்ச். அது லைவில் போனதையும் நியூட்ரலில் திரும்பியதையும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டினால் வெட்டிவிடும். இந்தத் தோட்டத்தில் வித்தியாசம் 1,240 மில்லி அம்பியர், நாற்பது மடங்கு. ரொட் 180 ஓம் என்ற மோசமான நிலையிலும் கண நேரத்தில் விழுந்திருக்கும். மோட்டர் லைன் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது, ஏனென்றால் போன மாரியில் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்ததாம். அந்தத் தொல்லையை அடுத்த அறிகுறியில் பார்க்கலாம்.

அப்படியென்றால் ரொட் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? இல்லை. 30 மில்லி அம்பியருக்கு உடம்பில் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்ற கணக்கில் பார்த்தால் 1,667 ஓம் வரை போதும் என்று வரும். ஆனால் 200 ஓமுக்கு மேலே போகும் ரொட்டை நிலையானதாக எடுக்கமுடியாது என்பதுதான் நடைமுறை விதி. ஆவணியில் 180 ஓம் காட்டும் ரொட், மழை இரண்டு மாதம் பிந்தினால் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்லமுடியாது. ஆகவே அந்தத் தோட்டத்தில் இருந்த 1.2 மீற்றர் ரொட்டோடு இன்னொன்றைப் பொருத்தி ஆழமாக இறக்குவதுதான் சரி. கோடையிலும் ஈரம் நிற்கும் ஆழத்தை எட்டினால் பருவத்துக்குப் பருவம் வரும் ஏற்ற இறக்கம் குறையும். பக்கத்தில் இரண்டாவது ரொட் போடுவதென்றால் ரொட்டின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். ஒட்டி இறக்கினால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்குபோடும்.

ட்ரிப் சுவிட்சைப் போட்டபின் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுந்தது என்று திருப்தியோடு வந்துவிடாதீர்கள். அந்தப் பட்டன் சுவிட்சுக்குள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு சின்ன மின்னோட்டத்தைத் திருப்பிவிடுகிறது. எர்த் வயர் அதில் சம்பந்தப்படவே இல்லை. ரொட்டையே பிடுங்கி எறிந்துவிட்டு அழுத்தினாலும் அழகாக விழும். பட்டன் சொல்வது பொறிமுறை வேலை செய்கிறது என்பது மட்டும்.

எர்த் வழியாக விழுகிறதா என்பதை ட்ரிப் சுவிட்ச் டெஸ்டரால் மோட்டரடியிலேயே பார்க்கவேண்டும். சிலர் லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். எர்த் வயர் எங்கேயாவது அறுந்திருந்தால் அந்த வயரில் தொங்கும் அத்தனை சாமானின் உடம்புக்கும் பல்பு வழியாக லைவ் ஏறிவிடும்.

அறிகுறி 2: மழை தொடங்கினால் ட்ரிப் சுவிட்ச் நிற்கவே மாட்டேன் என்கிறது

மாரி தொடங்கிய ஐப்பசியில் வரும் அழைப்புகளில் பாதி இதுதான். பெரும்பாலும் காரணம் நேரானது: வெளிவிளக்கின் ஹோல்டருக்குள் தண்ணீர், ஜங்ஷன் பொக்ஸுக்குள் எறும்புப் புற்று நனைந்தது, அணில் கடித்த வயர். எல்லா பிரேக்கரையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சைப் போடுங்கள். நின்றால் ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எதைப் போட விழுகிறதோ அந்த லைன்தான். அந்த லைனில் பிளக் பண்ணிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தால் வயரா சாமானா என்று பிரியும்.

மண்டையைக் குழப்புவது வேறு ஒரு நிலை. எல்லா பிரேக்கரும் கீழே இருக்கிறது, ட்ரிப் சுவிட்ச் அப்போதும் விழுகிறது. அல்லது பகலில் நிற்கிறது, பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு விழுகிறது. உடனே சுவிட்ச் பழுது என்று புதிது வாங்கிப் போடுவார்கள், புதிதும் விழும்.

இது பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தில் முட்டியிருக்கும் பழுது. வீட்டுப் பிரேக்கர்கள் லைவை மட்டும்தான் வெட்டுகின்றன. நியூட்ரல் வயர்கள் எல்லாம் ஓர் உலோகப் பாரில் சேர்ந்தபடி தொங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்று சுவருக்குள் எர்த்தில் முட்டியிருந்தால் எந்தப் பிரேக்கரை இறக்கியும் அது விலகாது.

ஏன் பின்னேரம்? நம் வீட்டு நியூட்ரல் பூச்சிய வோல்ட்டில் இருப்பதில்லை. மின்மாற்றி தூரத்தில் இருக்கும், அந்த நீள லைனில் ஊர் முழுக்க விளக்கும் ரீவியும் போடும்போது நியூட்ரல் வயரில் சில வோல்ட் விழும். அந்த வோல்ட்தான் முட்டிய இடம் வழியாக நம் ரொட்டுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. 3 வோல்ட் என்று வையுங்கள். கோடையில் சுற்று 185 ஓம் என்றால் 16 மில்லி அம்பியர். 30 மில்லி அம்பியர் சுவிட்ச் பாதி மதிப்புக்கும் முழு மதிப்புக்கும் நடுவில் எங்கேயாவது விழும்படி செய்யப்பட்டது, ஆகவே 16 இல் பெரும்பாலும் நிற்கும். மழை பெய்து ரொட் 60 ஓமுக்கு வந்தால்:

```
3 / 185 = 16 mA
3 / 65  = 46 mA
```

இப்போது நிச்சயம் விழும். மழை வயரை நனைத்துப் பழுதை உண்டாக்கவில்லை. பழுது கோடையிலிருந்தே இருக்கிறது. மழை எர்த்தை நன்றாக்கியதால் அது வெளியே தெரிகிறது. நனைந்த இடத்தைத் தேடி ஓட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

கண்டுபிடிக்க மெயினை இறக்கி, சுவிட்சின் வெளிப்பக்க நியூட்ரலைக் கழற்றி, பாரிலுள்ள நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாக விடுவித்து, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே இன்சுலேஷன் டெஸ்டரால் 500 வோல்ட்டில் பாருங்கள். ரீவி, எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் அவை கெட்டுப்போகும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் வயரில்தான் வேலை. முட்டிய இடம் பெரும்பாலும் பிளக் பேஸுக்குப் பின்னால் இருக்கும். ஸ்க்ரூ இறுக்கும்போது நசுங்கிய நியூட்ரல், அல்லது வெட்டிய எர்த் வயரின் மொட்டை முனை நியூட்ரல் டெர்மினலில் சாய்ந்திருப்பது.

விழுகிறது என்பதற்காக ட்ரிப் சுவிட்சைச் சுற்றி வயர் இழுப்பவர்களைத் தடுங்கள். தர்மபுரத்துத் தோட்டத்தில் நடந்தது அதுதான்.

அறிகுறி 3: காற்று மழைக்குப் பின் ஃபிரிட்ஜ், ஐயன், பைப் எல்லாம் ஒன்றாக ஷொக் அடிக்கிறது

ஒரு சாமான் ஷொக் அடித்தால் அந்தச் சாமானில் பழுது. எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் அடித்தால், விளக்குகளும் மங்கலாக எரிந்தால், பழுது எர்த் பாரில்தான் ஏறியிருக்கிறது. உடனே மெயினை இறக்கிவிட்டு, நியூட்ரலும் எர்த்தும் எங்கேயாவது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

“ரொட் சரியில்லை, நியூட்ரலும் மின்மாற்றியடியில் எர்த்தோடதானே இருக்கு, ரெண்டையும் இஞ்சையே இணைச்சு விட்டால் பிரேக்கர் விழும்” என்று மெயின் அருகில் ஒரு துண்டு வயர் போடுவார்கள். போட்டவர் சோதித்துப் பார்க்கும்போது உண்மையாகவே பிரேக்கர் விழும், ஏனென்றால் சுற்று மண்ணை விட்டு உலோகத்துக்கு மாறி வீடு டிஎன் போல் ஆகிவிட்டது. நியூட்ரலையே எர்த்தாகக் கொடுக்கும் நாடுகளில் விநியோகம் செய்பவர்களே அந்த நியூட்ரலை வழி நெடுக மண்ணோடு இணைத்து, அது அறுந்துபோகாமல் பார்க்கும் பொறுப்பையும் எடுக்கிறார்கள். நம் கம்ப வயர் அந்த எண்ணத்தோடு கட்டப்பட்டதல்ல.

காற்றில் பனை மட்டை விழுந்து கம்பத்தடியில் நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். வீட்டில் 1,000 வாட் கேத்தல் போட்டிருக்கிறது, அது 53 ஓம். லைவ் கேத்தல் வழியாக நியூட்ரல் பாருக்கு வருகிறது. அங்கிருந்து கம்பத்துக்குப் போகமுடியாமல் துண்டு வயர் வழியாக எர்த் பாருக்கும் ரொட்டுக்கும் போகிறது. ரொட் 60 ஓம் என்றால்:

```
V = 230 x 60 / (60 + 53 + 5) = 117 V
```

வீட்டில் எர்த் போட்ட ஒவ்வொரு உடம்பிலும் 117 வோல்ட். ரொட்டும் அறுந்திருந்தால் கிட்டத்தட்ட முழு 230. இதில் மிகக் கொடுமையானது என்னவென்றால், துண்டு வயர் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் இருந்தால் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. லைவில் போனது முழுவதும் நியூட்ரலில் அதன் வழியாகத் திரும்பி வந்து, தாண்டிப் போனபின்தான் எர்த்துக்குப் பிரிகிறது. ஆள் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது விழாது.

அறுவதற்கு முன்பே இந்தத் துண்டு வயரைப் பிடிக்க வழி இருக்கிறது. கேத்தல் ஒன்றைப் போட்டுவிட்டு வேறொரு பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். ஒழுங்கான டிடி வீட்டில் ஒன்று இரண்டு வோல்ட்டாவது தெரியவேண்டும். சுமை ஓடும்போதும் 0.0 என்று நின்றால் சந்தேகப்படுங்கள். பழுதுச் சுற்றின் தடையை அளக்கும் லூப் டெஸ்டர் இருந்தால் இன்னும் தெளிவு. வன்னி மண்ணில் ஒரு வீட்டு ரொட் பல பத்து ஓம் காட்டவேண்டும். 1 ஓம் என்று காட்டினால் “ஆகா, அருமையான எர்த்” என்று மகிழவேண்டாம், எங்கேயோ நியூட்ரல் இணைந்திருக்கிறது. அதைக் கழற்றி, ரொட்டை அளந்து, ட்ரிப் சுவிட்சைச் சோதித்து முடிக்கும்வரை மெயினைப் போடக்கூடாது.

அறிகுறி 4: ஜெனரேற்றரில் ஓடும்போது டெஸ்டர் இரண்டு வயரிலும் எரிகிறது

சின்ன ஜெனரேற்றர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சுற்றின் எந்த முனையும் எர்த்தோடு சேர்ந்திருக்காது. லைவ், நியூட்ரல் என்று பிரிவில்லை, இரண்டுமே மிதக்கின்றன. டெஸ்டர் இரண்டிலும் மங்கலாக எரிவதும், ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 115 வோல்ட் காட்டுவதும் அதனால்தான். வீடு இப்போது ஐடி முறையில் இருக்கிறது.

முதல் பழுதுக்கு இது நல்ல பிள்ளை. லைவ் மோட்டர் உடம்பில் முட்டினாலும் திரும்பும் பாதை இல்லை, எதுவும் விழாது, தொட்டாலும் பெரிதாகத் தெரியாது. ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக் கூடத்தில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், முதல் பழுதிலேயே கருவிகள் நின்றுவிடக்கூடாது என்று. ஆனால் அங்கே காப்புத்தடையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்து, குறைந்தால் அலாரம் அடிக்கும் ஒரு கருவி கட்டாயம் இருக்கும். நம் கொட்டிலில் அலாரம் இல்லை. முதல் பழுது வந்தது யாருக்கும் தெரியாமல் நாள்கணக்கில் கிடக்கும்.

அப்புறம் இரண்டாவது பழுது மற்ற வயரில் வரும். கிணற்றடி மோட்டருக்குத் தனி ரொட் 180 ஓம், வீட்டுக்கு ரொட் 60 ஓம். மோட்டரில் ஒரு வயரும் வீட்டு ஃபிரிட்ஜில் மற்ற வயரும் உடம்பில் முட்டினால் சுற்று இரண்டு ரொட் வழியாக முடிகிறது: 230 ஐ 240 ஆல் பிரித்தால் 0.96 அம்பியர். பிரேக்கருக்கு அது போதாது. இரண்டும் ஒரே ட்ரிப் சுவிட்சின் கீழ் இருந்தால், ஒரு வயரில் போனது மற்ற வயரில் அதன் வழியாகவே திரும்புகிறது, ஆகவே அதுவும் சும்மா இருக்கும். மோட்டர் உடம்பில் 172 வோல்ட்.

சரிசெய்வதற்கு முதலில் ஜெனரேற்றரின் கையேட்டைப் பார்த்து உள்ளே ஏற்கெனவே இணைப்பு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சிலவற்றில் சுற்றின் நடுவிலேயே எர்த் எடுத்திருப்பார்கள், அவற்றில் ஒரு முனையை இணைத்தால் பாதிச் சுற்று ஷொட் ஆகிவிடும். இணைப்பு இல்லை என்றும், முனையை இணைக்கலாம் என்றும் கையேடு சொன்னால், நியூட்ரலாக வைத்துக்கொள்ளும் முனையை ஜெனரேற்றரடியிலேயே, ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், எர்த்தோடு இணைக்கவேண்டும். மோட்டரின் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் ஒரே வயரால் சேர்த்துவிட்டால் ஜெனரேற்றர் ஓடும்போது சுற்று உலோகமாகிவிடும், மண்ணை நம்பத் தேவையில்லை.

மாற்றுச் சுவிட்ச் லைவோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரட்டை முனை வகையாக இருக்கவேண்டும். லைவை மட்டும் மாற்றும் சுவிட்ச் போட்டால், ஜெனரேற்றரடியில் போட்ட அந்த இணைப்பு கரண்ட் வந்தபின்னும் கம்பத்து நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், மூன்றாவது அறிகுறியின் துண்டு வயரை நாமே போட்டதாகிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் கம்பத்துக் கரண்டில் ஒருமுறை, ஜெனரேற்றரில் ஒருமுறை, மோட்டரடியிலும் வீட்டு பிளக்கிலும் ட்ரிப் சுவிட்ச் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். கம்பத்துக் கரண்டில் லூப் பல பத்து ஓமும் ஜெனரேற்றரில் ஒன்றிரண்டு ஓமும் காட்டி, இரண்டிலும் சுவிட்ச் விழுந்தால் இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.